பன்னிரண்டுக்குப் பத்து ரூம்: எத்தனை கல், எத்தனை மூட்டை, எவ்வளவு மணல்?

"தேவிபட்டினம் பக்கம் பழைய வீட்டை ஒட்டி ஒரு ரூம் எடுக்கிறோம். உள்ளளவு 12×10 அடி. பன்னிரண்டு அடிப் பக்கம் ஒன்று பழைய சுவரே, மீதி மூணு பக்கம் புதுசா ஒன்பது இஞ்சு சுவர். உயரம் 10 அடி, ஒரு கதவு, ஒரு ஜன்னல். கொத்தனார் 3500 கல், 15 மூட்டை சிமெண்ட், ஒன்றரை யூனிட் மணல் சொல்றார். சிவில் படிக்கிற மச்சான் 2500 கல், 8 மூட்டை, 60 கன அடி மணல் போதும்ங்கிறான். யாரை நம்புறது? கடல் பக்கம்ங்கிறதால கணக்கு மாறுமா?"

கல் 2700 சொல்லுங்கள். சுவர் கட்ட மட்டும் சிமெண்ட் 9 முதல் 10 மூட்டை, மணல் லாரியில் வந்து இறங்கும் ஈர நிலையில் 80 கன அடி. யூனிட் என்று கொத்தனார் சொல்வது 100 கன அடி. இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. கொத்தனார் கல்லைத் தாராளமாகப் போட்டுவிட்டு, சிமெண்டிலும் மணலிலும் பூச்சு வேலையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். மச்சான் காகிதத்தில் சரியாகப் போட்டிருக்கிறார். ஆனால் உடைசலையும் மணலின் ஈரத்தையும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் சுவரின் பரப்பு. மூன்று சுவர்தானே என்று உள்ளளவைக் கூட்டினால் 12, 10, 10 என்று 32 அடி வரும். வெளியளவைக் கூட்டினால் நீளச் சுவர் பதின்மூன்றரை, பக்கச் சுவர்கள் பத்தே முக்கால் வீதம், மொத்தம் 35 அடி. இரண்டுமே தப்பு. உள்ளளவில் மூலைகள் விட்டுப்போகின்றன, வெளியளவில் அதே மூலைகள் இரண்டு தடவை எண்ணப்படுகின்றன. நீளச் சுவரை வெளியளவிலும் (பதின்மூன்றரை அடி), அதில் வந்து முட்டுகிற பக்கச் சுவர்களை உள்ளளவிலும் (பத்துப் பத்து அடி) எடுத்தால் முப்பத்து மூன்றரை அடி. அதுதான் சரி. உயரம் பத்தால் பெருக்கினால் 335 சதுரடி. இதில் கதவு மூன்றுக்கு ஏழு என்றால் 21, ஜன்னல் நாலுக்கு நாலு என்றால் 16 கழியும். லிண்டல் கான்கிரீட்டை மூன்று சுவரிலும் தொடர்ச்சியாக அரை அடி கனத்தில் ஓட்டினால் அது ஏறக்குறைய 17 சதுரடி. ஆகக் கட்ட வேண்டியது 281 சதுரடி. லிண்டலைக் கதவு, ஜன்னல் மேல் மட்டும் போடுவதாக இருந்தால் பன்னிரண்டு சதுரடி கூடும், அதற்கு நூற்றுப் பத்துக் கல் தனியாக வேண்டும். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தனாரின் 3500 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். வெளியளவு 350 சதுரடி, சதுரடிக்குப் பத்துக் கல். கதவையும் ஜன்னலையும் கழிக்கவில்லை. கழிக்காமல் விடுவது பழைய வழக்கம்தான், அந்த மிச்சத்திலேயே உடைசல் அடங்கிவிடும் என்பது அதன் நியாயம். சின்ன ஜன்னல் இரண்டு இருக்கிற பெரிய வீட்டுக்கு அது சரிப்படும். ஒற்றை ரூமுக்குச் சரிப்படாது.

"சதுரடிக்குப் பத்து" என்பதும் எல்லாக் கல்லுக்கும் பொருந்துகிற எண் இல்லை. கல்லின் முகப்பளவைப் பொறுத்து அது மாறும். உங்கள் கல் ஒன்பது இஞ்சு நீளம், நாலேகால் அகலம், மூன்று இஞ்சு உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து பத்து மில்லிமீட்டர், அதாவது இஞ்சில் 0.4. அப்போது ஒரு கல் சுவரின் முகத்தில் பிடிக்கிற இடம் 9.4×3.4, ஏறக்குறைய 32 சதுர இஞ்சு. ஒரு சதுரடி என்பது 144 சதுர இஞ்சு. வகுத்தால் நாலரை. இது அரைக்கல் சுவருக்கு. ஒன்பது இஞ்சு சுவரில் கனத்துக்கு இரண்டு கல் என்பதால் சதுரடிக்கு ஒன்பது. கல் எட்டே முக்கால் நீளம், இரண்டே முக்கால் உயரம் என்று கொஞ்சம் சிறுத்துவிட்டால் அதே கணக்கில் சரியாகப் பத்து வரும். கால் இஞ்சு குறைந்ததற்கு நூற்றுக்குப் பத்துக் கல் கூடிவிடுகிறது. கொத்தனார் இத்தனை வருஷம் அந்தச் சின்னக் கல்லில் கட்டிப் பழகியிருந்தால் அவருடைய பத்து அவருக்குச் சரி.

அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் கல்லை அளந்துவிடுங்கள். ஒற்றைக் கல்லை அளப்பதில் பிரயோசனம் இல்லை, ஒரே சூளையிலேயே கல்லுக்குக் கல் மாறும். குவியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கல் எடுத்து, நீளவாக்கில் இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கி, டேப்பை வைத்துப் பாருங்கள். பதினைந்து அடி வந்தால் சராசரி ஒன்பது இஞ்சு. பதினாலரை அடிதான் வந்தால் எட்டே முக்காலுக்கும் கீழே. உயரத்தையும் அப்படியே குத்துக்கு அடுக்கிப் பாருங்கள். செங்கலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077-ம் இருபது கல்லை வரிசையாக வைத்து அளக்கத்தான் சொல்கிறது.

நம் கணக்குக்கு ஒன்பது இஞ்சுக் கல்லையே வைத்துக்கொண்டால் 281 சதுரடிக்கு 2530 கல். மச்சானுடைய 2500 இதுதான். இதன் மேல் நூற்றுக்கு ஐந்து சேதாரம் போட வேண்டும். மேற்கே சூளையிலிருந்து லாரியில் வந்து டிப்பரில் கொட்டுகிற கல்லில் மூலை போனதும் பாதியாய் உடைந்ததும் கட்டாயம் இருக்கும். பாதி உடைந்தது முழுக்க வீணாகாது, மூலைகளிலும் கதவு ஓரத்திலும் அரைக்கல், முக்கால் கல் தேவைப்படும். அதற்கு நல்ல கல்லை வெட்டாமல் உடைசலை எடுக்கச் சொன்னால் ஐந்து சதவீதம் தாராளம். 2660 வரும், 2700 சொல்லலாம். கையால் இறக்கி அடுக்கும் கல்லானால் இன்னும் குறைவாகவே போதும்.

கல் கணக்கை இருபதில் ஒன்று முன்னே பின்னே இருக்கும்படி யாராலும் சொல்ல முடியும். சாந்து அப்படி அகப்படாது. சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வருவது சகஜம், ஏனென்றால் அது கல்லை விடவும் கட்டுகிற கையைப் பொறுத்தது.

சாந்துக் கணக்கின் அடிப்படை லேசானது. ஒரு சதுரடி, ஒன்பது இஞ்சு கனச் சுவரின் கொள்ளளவு முக்கால் கன அடி. அதில் இருக்கும் ஒன்பது கல்லும் சேர்ந்து 0.6 கன அடியை அடைத்துக்கொள்ளும். மிச்சம் 0.15 கன அடிதான் சாந்துக்கு இடம். கல்லின் முத்திரைக் குழி நிரம்புவது, கரண்டியிலிருந்து கீழே விழுவது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வரும்போது சட்டியில் இறுகிப்போவது எல்லாம் சேர்த்தால் 0.19. இது குழைத்த சாந்தின் அளவு. உலர்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் அமுங்கிவிடும், ஆகவே உலர் அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டி எடுக்க வேண்டும். சதுரடிக்குக் கால் கன அடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் 281 சதுரடிக்கு 70 கன அடி உலர் கலவை.

ஒன்றுக்கு ஆறு கலவை என்றால் மொத்தம் ஏழு பங்கு, ஒரு பங்கு 10 கன அடி. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி சிமெண்ட் இருக்கிறது. ஆகச் சிமெண்ட் 8 மூட்டை, மணல் 60 கன அடி. மச்சானுடைய எண்கள் அப்படியே வந்துவிட்டன பாருங்கள்.

இனிக் கட்டுகிற கை. மேலே சொன்னதெல்லாம் சாந்து பத்து மில்லிமீட்டராக இருந்தால். கல் கோணலாய், முதுகு வளைந்து வந்தால் கொத்தனார் மட்டம் பிடிக்கச் சாந்தைத் தடிப்பாகத்தான் போடுவார், வேறு வழியில்லை. இணைப்பு முக்கால் இஞ்சு ஆகிவிட்டால் கல் சதுரடிக்கு ஒன்பதிலிருந்து எட்டுக்குக் குறையும். கல் மிச்சமாகிறதே என்று சந்தோஷப்படுவோம். ஆனால் சாந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், 8 மூட்டை பதினொன்றரைக்குப் போய்விடும். ஆயிரம் கல்லுக்கு நூறு இருநூறு ரூபாய் குறைவு என்று வளைந்த கல்லை வாங்குகிறவர்கள் அந்தக் காசைச் சிமெண்டில் திருப்பிக் கட்டுகிறார்கள். சுவரும் பலம் குறைகிறது, தடித்த சாந்து கல்லை விடச் சீக்கிரம் நசுங்கும். கண்டுபிடிப்பது சுலபம். பத்து வரி எழும்பியதும் டேப்பை நிறுத்திப் பாருங்கள். 34 இஞ்சு என்றால் நேர்த்தியான வேலை, 35 பரவாயில்லை, 37 தாண்டினால் பேச வேண்டும்.

அடுத்தது மணல். ஈர மணல் உப்பி நிற்கும். மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று விலக்கிவிடும், நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே கொள்ளளவு கால் பங்கு கூடிவிடும். மணல் பொடியாக இருந்தால் இன்னும் அதிகம். முழுக்க நனைந்துவிட்டால் படலம் கலைந்து மறுபடி பழைய அளவுக்கு அமர்ந்துவிடும், அதுதான் இதில் வேடிக்கை. வீட்டிலேயே பார்க்கலாம். நேரான பக்கமுள்ள கண்ணாடி ஜாடியில் மணலைத் தட்டாமல் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் குத்தி அமரவிடுங்கள். பதினாறுக்கு இறங்கினால், பதினாறு உண்மையான மணல், நாலு வெறும் உப்பல். அதாவது கால் பங்கு.

இது இரண்டு இடத்தில் காசைத் தொடுகிறது. 60 கன அடி உண்மையான மணல் வேண்டுமென்றால் ஈர மணலில் 75 வாங்க வேண்டும். தரையில் கொட்டி அள்ளும்போது அடி மண்ணோடு போவதையும் சேர்த்தால் 80. இரண்டாவது, சித்தாள் ஈர மணலை ஆறு பெட்டி அளந்து போட்டால் உள்ளே போவது ஐந்து பெட்டிக்கும் குறைவு. கலவை ஒன்றுக்கு ஐந்தாகிவிடுகிறது, சிமெண்ட் 8 மூட்டைக்குப் பதில் பத்துக்குக் கொஞ்சம் குறைய இழுக்கும். நான் 9 முதல் 10 என்று சொன்னது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டுகிறீர்கள் என்றால் பத்தே வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், பதினைந்து இஞ்சு உயரத்தில் பலகைப் பெட்டி அடித்துக்கொண்டால் அது ஒரு மூட்டைக்குச் சமம். மண்வெட்டிக் கணக்கில் கலவை போட்டால் இந்தப் பதிலில் உள்ள எந்த எண்ணும் நிற்காது.

கொத்தனாரின் 15 மூட்டைக்கு வருகிறேன். உள்ளே பன்னிரண்டு மில்லிமீட்டர், வெளியே பதினைந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றுக்கு ஐந்து கலவையில் பூசினால், இந்த மூன்று சுவரின் இரு முகத்துக்கும் சேர்த்து ஐந்தரை முதல் ஆறு மூட்டை சிமெண்டும் 35 கன அடி மணலும் பிடிக்கும். ஈரத்தைச் சேர்த்தால் மணல் 45. ஆகக் கட்டுவேலையும் பூச்சும் சேர்ந்து சிமெண்ட் 15 மூட்டை, மணல் ஒன்றேகால் யூனிட். ஒன்றரை யூனிட் கேட்டது அதிகமில்லை. பூச்சும் சேர்த்தா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் அவருடைய சிமெண்ட், மணல் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதில் அஸ்திவாரம், கூரை கான்கிரீட், கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை.

கடல் பக்கம் என்பதால் அளவு மாறாது, வாங்கும் பொருள் மாறும். கரையோர மணலைச் சுவருக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரே சீரான பொடி மணல் அது, சிப்பித் தூளும் உப்பும் கலந்திருக்கும். பொடி மணலுக்குச் சிமெண்ட் கூடுதலாகப் பிடிக்கும், காய்ந்ததும் பூச்சில் மயிரிழை வெடிப்பு விடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துச் சுவரில் வெள்ளையாகப் பூத்து, பெயிண்டை உரித்துத் தள்ளும். லிண்டல் கம்பிக்குப் பக்கத்தில் போனால் துருப்பிடிக்க வைக்கும். எம் சாண்டோ உள்நாட்டு மணலோ வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி மணலை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் படிந்தால் அந்த லோடு வேண்டாம்.

மணலை இவ்வளவு பார்க்கிறவர்கள் தண்ணீரில் கோட்டை விடுகிறார்கள். கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு, கல் நனைக்கத்தானே என்று கிணற்று உப்புத் தண்ணீரை எடுப்பார்கள். கணக்குப் பாருங்கள். பத்து மூட்டைக் கலவைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் போதும். கல் ஒன்று மூன்று கிலோ, அதன் எடையில் ஏழில் ஒரு பங்கு தண்ணீர் குடித்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2700 கல்லும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு லிட்டர் குடிக்கும். அதாவது கலவையைப் போல மூன்று நாலு மடங்கு தண்ணீர் கல் வழியாகவே சுவருக்குள் போகிறது, அதிலுள்ள உப்பும் கூடவே போகிறது. நனைக்காமலும் கட்டக் கூடாது, உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சாந்து மாவாக உதிரும். ஆகவே டேங்கர் தண்ணீருக்குக் கணக்குப் போடும்போது கல் நனைப்பதையும் ஒரு வாரம் சுவருக்குத் தண்ணீர் அடிப்பதையும் சேர்த்தே போடுங்கள். கான்கிரீட் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரையும், கம்பி உள்ளதற்கு 500 வரையும்தான் ஒத்துக்கொள்கிறது. லிண்டலுக்கு அந்த 500-க்குள் இருக்கிற தண்ணீர்தான் ஆகும். சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்பது பெரிய செலவு இல்லை.

சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம், கடற்காற்றில் மூட்டை ஓரம் சீக்கிரம் கட்டி தட்டும். முதலில் ஐந்து மூட்டை எடுங்கள். சுவர் ஜன்னல் அடிமட்டத்துக்கு, மூன்று அடிக்கு வந்ததும் வேலையை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். அதுவரை கட்டியது, கதவு இடம் போக, 91 சதுரடி. 820 முதல் 860 கல் போயிருக்க வேண்டும், சிமெண்ட் மூன்று மூட்டை அல்லது அதற்குச் சற்று மேலே. நாலு மூட்டை காலியாகியிருந்தால் இணைப்பு தடிக்கிறது, அல்லது மணல் பெட்டியில் ஈரம் அளக்கப்படுகிறது. இரண்டில் எது என்று பத்து வரி டேப்பும் கண்ணாடி ஜாடியும் அங்கேயே சொல்லிவிடும். கல் மட்டும் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தால், இறக்கும்போது எண்ணாமல் விட்ட லோடில் கல் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் கல்லின் அளவு நீங்கள் நினைத்த ஒன்பது இஞ்சு இல்லை. அந்த இடத்தில் கிடைக்கிற எண்ணை 91-ஆல் வகுத்து 281-ஆல் பெருக்கி, மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.